ஈரோடு வரைக்கும் ஸ்வெட்டர்

ஐவி யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் எதிரிலேயே பாலைத் தொட்டு நக்கிப் பார்ப்பாள். டக்ளஸைக் கல்யாணம் செய்து ஆறு மாதம் கழித்துத்தான் அவன் சொல்கிற சம்பளம் நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அப்படிப்பட்டவளை ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு ராத்திரி ரயிலில் தனியாக அனுப்பினால் என்ன ஆகும்? டக்ளஸ் அதை யோசித்திருக்க வேண்டும். அவனோ சென்னையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எல்லாம் ஒரு வாரமாக அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். கீழே 'ஜாக்கிரதை' என்று வேறு எழுதினான். நெருப்புக்கு நெய் வார்த்த மகராசன்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட வந்த அப்பா பவுல்ராஜ், ஒரு தேயிலை பேக்டரியில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே கவலை, பேத்தி ஜூடித்தின் கழுத்தில் கிடந்த சங்கிலி. ஞானஸ்நானத்துக்குப் போட்டது, ஒரு பவுன். கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். "வெறுங்கழுத்தோட கொண்டுபோய் நிறுத்தினா அவங்கூட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று ஐவி கேட்டுவிட்டாள். கழற்றவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டைக்கு மேல் கழுத்து மூடுகிற கம்பளி ஸ்வெட்டரைப் போட்டு மேல் பொத்தான்வரை பூட்டினாள். தலைக்குக் குல்லா, காலுக்குக் கம்பளிக் காலுறை. கோத்தகிரியில் எந்தக் குழந்தையும் அப்படித்தான் வெளியே வரும். ராத்திரி என்றால் குளிர் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே கிடையாது. மாதம் ஏப்ரல் என்பதோ, ரயில் போகிற வழி ஈரோடும் சேலமும் என்பதோ அந்த நேரத்தில் அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் மூன்று சீட் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடியில் துணி மூட்டை ஒன்று. மேட்டுப்பாளையம் போய்ச் சேருகிறவரை நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தாள். ஐவியை அல்ல, ஜூடித்தை. ஒருமுறை சிரித்தாள். ஜூடித்தும் பல் தெரியச் சிரித்தது. ஐவி குழந்தையின் முகத்தை மெதுவாகத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறித் தன் இடத்தைத் தேடிப் போனால், அதே மூக்குத்தி, அதே மூட்டை. கீழ் பெர்த்தில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஐவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்தே பின்னால் வருகிறாள் என்று நினைத்தாள். அந்த பஸ்ஸில் வந்த பாதிப் பேர் அந்த ரயிலுக்குத்தான் வந்தார்கள், தான் ஏறுவதற்கு முன்பே அவள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை எல்லாம் எண்ணிப் பார்க்கிற மனநிலை அவளுக்கு இல்லை.

ஐவிக்குக் கிடைத்திருந்தது நடு பெர்த். கைக்குழந்தைக்குத் தனி பெர்த் கிடையாது; தாயோடுதான் படுக்க வேண்டும். நடு பெர்த்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் படுக்க வைத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். தூக்கத்தில் ஜூடித் கடிகார முள் மாதிரி சுற்றி வரும். எதிர்ப் பக்கத்துக் கீழ் பெர்த்தில் சின்னராஜ் என்று ஒரு காய்கறி வியாபாரி, கேரட் மண்டிக்காரர், கால் நீட்டிப் படுத்துவிட்டார். அவரிடம் கேட்கலாமா என்று ஐவி தொண்டையைச் செருமினாள். அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"ஏங்கம்மா, புள்ளையோட நீங்க கீழ படுங்க. நான் நடுவுல ஏறிக்கிறேன்" என்றாள் மூக்குத்திக்காரி.

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"செரமம் என்ன செரமம்? மலையில ஏறி எறங்குற காலு. பச்சப்புள்ளைய மேல போட்டுட்டு நீங்க எப்பிடித் தூங்குவீங்க?"

சொல்லிக்கொண்டே எழுந்தாள். எழுந்தவள் ஒரு காரியம் செய்தாள். முந்தானையை விரித்து ஓர் உதறு உதறினாள். மடியைத் தட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் ஒருமுறை விரித்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டாள். கை தானாகச் செய்த வேலை அது. செய்ததே அவளுக்குத் தெரியாது.

ஐவிக்குத் தெரிந்தது. பேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற பெண்கள் சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது அப்படித்தான் உதறிக் காட்டுவார்கள். முந்தானையில் தூள் முடிந்து எடுத்துப் போகவில்லை என்று வாட்ச்மேன் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் வெளியே போகலாம். சிறுமியாக அப்பாவின் ஆபீஸ் வாசலில் நின்று அவள் எத்தனையோ சாயங்காலம் அதைப் பார்த்திருக்கிறாள். எஸ்டேட் பொம்பளை என்று உடனே கணக்குப் போட்டாள். உதறிக் காட்டச் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா சொல்வார்கள் என்று அடுத்த கணக்கும் போட்டாள். இரண்டாவது கணக்கு அவளுக்குள் அவ்வளவு சரளமாக வந்தது.

ஆனாலும் கீழ் பெர்த்தை விட மனமில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டாள். மனசு மட்டும் உட்காரவில்லை. எதற்காக விட்டுக்கொடுத்தாள்? நேர் மேலே படுத்தால் கையைத் தொங்கவிட்டால் போதும், குழந்தையின் கழுத்து எட்டும்.

"பேரு என்ன கண்ணு?" என்று அவள் ஜூடித்தைக் கேட்டாள். பதில் வராததால் தானே சொன்னாள். "எம் பேரு பேச்சியம்மா. மக மெட்ராஸ்ல இருக்கு. அதுக்குப் பொம்பளப்புள்ள பொறந்து பத்து நாளாச்சு. பாக்கத்தான் போறேன்."

எல்லோரும் ஒரு கதை வைத்திருப்பார்கள் என்று ஐவி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பேச்சியம்மா மகளுக்காகக் கொண்டுபோன வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை நீட்டினாள். ஐவி வேண்டாம் என்பதற்குள் ஜூடித் பிடுங்கி வாயில் வைத்துவிட்டது. பாதியைத்தான் ஐவியால் மீட்க முடிந்தது. அந்தப் பாதியைத் தூக்கிப் போடாமல் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். சாட்சிக்கு.

"மேலெல்லாம் வேர்த்திருக்கு பாருங்க. அந்தக் கம்பளிச் சட்டையக் கழட்டி விடுங்களேன்" என்றாள் பேச்சியம்மா.

வந்துவிட்டாளா விஷயத்துக்கு, என்று ஐவி நினைத்தாள். கழற்றினால் சங்கிலி தெரியும். "சளி புடிச்சுக்குமுங்க" என்று சொல்லி மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கோயம்புத்தூர் தாண்டியதும் படுக்கையைப் போட்டாள். அதைப் படுக்கை என்று சொல்வதைவிடக் கோட்டை என்று சொல்லலாம். ஜன்னல் வழியாக எவனாவது கையை விடுவான் என்று இரும்புக் கதவை இறக்கிக் கொக்கி மாட்டினாள். வழிப் பக்கம் தலை வைத்தால் போகிறவன் வருகிறவன் தூக்கிக்கொண்டு போவான் என்று ஜன்னல் பக்கம் குழந்தையின் தலையை வைத்தாள். உள்ளே சுவரை ஒட்டி ஜூடித், அதற்கு வெளியே ஐவி, அவளுக்குக் காலடியில் பெட்டி. மேலிருந்து பார்க்கிறவளுக்குக் குழந்தை தெரியக் கூடாது என்று சால்வையை நடு பெர்த்தின் விளிம்பில் செருகித் திரைபோலத் தொங்கவிட்டாள். ரிப்பனால் ஜூடித்தின் கணுக்காலைத் தன் மணிக்கட்டோடு கட்டினாள். கடைசியில் காற்று நேராக அடிக்கிறது என்று மின்விசிறியையும் அணைத்தாள்.

"ஏனுங்க, வெந்து சாகறதா?" என்று சின்னராஜ் போர்வைக்குள்ளிருந்து கத்தினார்.

"குழந்தைக்கு ஆகாதுங்க."

குழந்தை என்ற வார்த்தைக்கு மேல் அவரால் பேச முடியவில்லை. போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்தார். திரைக்குள் ஜூடித் கொஞ்ச நேரம் சிணுங்கியது, கழுத்தைப் பிராண்டியது, பிறகு அடங்கியது. அப்பாடா, தூங்கிவிட்டது என்று ஐவி நிம்மதியானாள். அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. மேலே பேச்சியம்மா புரளும்போதெல்லாம் பெர்த் சங்கிலி கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஐவி நிமிர்ந்து பார்த்தாள்.

திருப்பூர் தாண்டி ரொம்ப நேரம் ஆகியிருக்காது. மேலிருந்து ஒரு கை இறங்கியது. சால்வையை ஒதுக்கியது. விரல்கள் ஜூடித்தின் நெற்றியில் படிந்தன.

ஐவி அந்தக் கையை லபக்கென்று பிடித்துக்கொண்டாள். "எந்திரீங்க! எல்லாரும் எந்திரீங்க! புள்ளையத் தூக்கறா!"

விளக்கு எரிந்தது. சின்னராஜ் துள்ளி எழுந்தார். பக்கத்துப் பெட்டிப் பகுதியிலிருந்து தலைகள் நீண்டன. பேச்சியம்மா பாதி இறங்கிய நிலையில், கை ஐவியின் பிடியில் இருக்க, ஒரு காலால் தரையைத் துழாவினாள்.

"அய்யோ, சத்தமே காணோமேன்னு தொட்டுப் பாத்தேன். புள்ள கொதிக்குது தாயி, பாருங்க!"

ஐவி ரிப்பனோடு குழந்தையை வாரி எடுத்தாள். ஜூடித்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. முகம் செக்கச் சிவந்திருந்தது. உடம்பு அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் சுட்டது. "ஜூடி, ஜூடிக்குட்டி" என்று உலுக்கினாள். கண் பாதி திறந்து மறுபடி மூடியது. அவ்வளவுதான்.

"வர்க்கி!" என்று அலறினாள் ஐவி. "இவ குடுத்த வர்க்கில என்னமோ இருந்துருக்கு. மருந்து போட்டுக் குடுத்துட்டா!"

இதற்குத்தான் காத்திருந்ததுபோல் சின்னராஜ் செல்போனை எடுத்துப் பேச்சியம்மாவின் முகத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "நானும் அப்பவே பாத்தேன். யாராச்சும் சும்மா கீழ் பெர்த்த விட்டுக் குடுப்பாங்களா?" என்றார். பெர்த்தை விட்டுக்கொடுக்காதவருக்கு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. இரண்டு பேர் பேச்சியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். மூட்டையை ஒருவன் பிடுங்கினான். அவள் திமிறவில்லை. "சட்டையக் கழட்டச் சொல்லுங்க, மொதல்ல சட்டையக் கழட்டச் சொல்லுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதாலேயே ஐவி ஸ்வெட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

டி.டி.ஆர். மரியஅந்தோணி ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் வேறு எதையும் கேட்கவில்லை. ஈரோட்டில் டாக்டரும் போலீசும் நிற்க வேண்டும் என்று போனில் சொன்னார். பிறகு ஐவியைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வெக்கையில இது என்ன கோலம்? கழட்டு."

"சார், உள்ள..."

"உள்ள என்ன இருந்தா என்ன? புள்ள வேணுமா வேண்டாமா?"

ஈரக் கம்பளியில் பொத்தான் கழன்று வரவில்லை. ஐவி பிய்த்தாள். ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, அதற்குள் ஒரு பனியன், காலுறை, குல்லா. ஒவ்வொன்றும் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். அத்தனை பேர் எதிரிலும் ஒரு பவுன் சங்கிலி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. டி.டி.ஆர். மின்விசிறியைப் போட்டார், இரும்புக் கதவைத் தூக்கினார். ஐவி தன் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் கழுத்தையும் அக்குளையும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, "கர்த்தாவே, என் பிள்ளையைக் கொடுத்துவிடும்" என்று வாய்விட்டே சொன்னாள். அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, சங்கிலியை யார் வேண்டுமானாலும் கொண்டு போகட்டும்.

ஈரோட்டில் வண்டி நிற்கும்போது ஜூடித் முனகியது. போலீஸ் பேச்சியம்மாவைப் பிளாட்பாரத்தில் இறக்கியது, டாக்டர் ஏறி வந்தார். கண்ணைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், நாடி பிடித்தார். ஐவி கைக்குட்டையைப் பிரித்து அரை வர்க்கியை நீட்டினாள்.

"இது என்ன?"

"இதைத்தான் டாக்டர் தின்னுச்சு. இதுல மருந்து..."

"எப்போ தின்னுச்சு?"

"மேட்டுப்பாளையத்துல."

"மயக்க மருந்துன்னா அப்பவே தெரிஞ்சிருக்கும். பாப்பா அதுக்கப்புறம் விளையாடுச்சா இல்லையா?" ஐவி தலையசைத்தாள். டாக்டர் பெர்த்தில் கிடந்த கம்பளிக் குவியலைப் பார்த்தார், தொங்கிய சால்வையைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். "உள்ள வச்சு அவிச்சிருக்கீங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல. யாரு முதல்ல பார்த்தது?"

ஐவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் புகட்டச் சொன்னார். நாலாவது ஸ்பூனில் ஜூடித் கண் விழித்து, சுற்றி நிற்கிற மீசைகளைப் பார்த்து வீறிட்டு அழுதது. அழுதுகொண்டே ஐவியின் மடி முழுக்கச் சிறுநீர் கழித்தது. "இது போதும், இது போதும்" என்று டாக்டரே சிரித்துவிட்டார். வாந்தி எடுத்தாலோ, மறுபடி துவண்டாலோ சேலத்தில் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஐவி நனைந்த மடியோடு குழந்தையை முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள்.

ஜன்னலுக்கு வெளியே பிளாட்பார பெஞ்சில் பெண் போலீஸ் ஒருவர் பேச்சியம்மாவின் மூட்டையைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். கைக்குட்டை அளவுக்குச் சின்னச் சின்னச் சட்டைகள், வசம்பு, விளக்கெண்ணெய்ப் பாட்டில், வர்க்கி, துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவை ஒன்று. பேச்சியம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"விட்டுருங்க மேடம்! அவங்க ஒண்ணும் பண்ணல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஐவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். வண்டி ஊதியது. பேச்சியம்மா எல்லாவற்றையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். சின்னராஜ் அதற்குள் தலையோடு கால் போர்த்திக் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மா ஐவியைப் பார்க்கவில்லை. டி.டி.ஆரிடம் போனாள். "ஐயா, எனக்கு வேற எங்கயாச்சும் எடம் குடுங்க. கதவுகிட்ட ஒக்காந்துகூட வந்துர்றேன்."

"வண்டி நிறைஞ்சு கிடக்கும்மா. சேலத்துல பாக்கறேன்."

அவள் மூட்டையோடு கதவுப் பக்கம் போய்விட்டாள். ஐவி குழந்தையைக் கீழ் பெர்த்தில் படுக்கவைக்கப் பார்த்தாள். அந்தப் பெர்த்தைக் கண்டதும் ஜூடித் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. மடியில் வைத்தால் மடிச் சூட்டுக்கு அழுதது. தோளில் போட்டால் தோள் சூட்டுக்கு அழுதது. கீழே விட முடியாது, கையில் வைக்கவும் முடியாது. குழந்தையைக் காபந்து பண்ணத் தெரிந்த அளவுக்கு, அதைத் தூங்க வைக்க ஓர் இடம் பண்ண அவளுக்குத் தெரியவில்லை. ஐவி நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

கதவுப் பக்கத்திலிருந்து பேச்சியம்மா எழுந்து வந்தாள். மூட்டையிலிருந்த பருத்திப் புடவையை எடுத்து இரண்டாக மடித்தாள். இந்தப் பக்கத்து மேல் பெர்த் சங்கிலியில் ஒரு முனை, எதிர்ப் பக்கத்து மேல் பெர்த் சங்கிலியில் மறு முனை. இரண்டு முடிச்சையும் தன் முழு பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். தூளி இரண்டு பெர்த்துக்கும் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, உட்கார்ந்திருக்கிறவள் கைக்கு எட்டுகிற தாழ்வில் தொங்கியது. பேத்திக்குக் கட்ட வைத்திருந்த புடவை அது.

"போடுங்க" என்றாள். அவள் குழந்தையைத் தொடவில்லை. தொடுவதற்குக் கை நீட்டவும் இல்லை.

ஐவி ஜூடித்தைத் தூளியில் போட்டாள். வண்டியின் ஆட்டமே போதுமானதாக இருந்தது. இரண்டு நிமிஷம் சிணுங்கி, விரலைச் சப்பி, குழந்தை நிஜமான தூக்கம் தூங்கியது. மூச்சு ஒரே சீராக வந்தது.

"அக்கா" என்றாள் ஐவி. ராத்திரி முழுக்க அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. "நீங்க படுத்துக்கங்க அக்கா. கீழயே படுங்க. நான் முழிச்சிருக்கேன்."

"நான் அங்கிட்டே ஒக்காந்துக்கிறேன். இங்க இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். சேலத்திலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. விடிகிறவரை கதவோரம் மூட்டையின்மேல்தான் உட்கார்ந்து வந்தாள். ஐவி தூளியின் விளிம்பைப் பிடித்தபடி, அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள். இந்தத் தடவை சந்தேகத்தில் அல்ல, வெட்கத்தில்.

சென்னையில் வண்டி நின்றது. ஜூடித் விழித்து ஐவியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, பேச்சியம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தது. பேச்சியம்மா முடிச்சுகளை அவிழ்த்தாள். ஐவி அவள் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். "அக்கா, என்னை..." என்று ஆரம்பித்தாள்.

பேச்சியம்மா புடவையை விரித்து, ஐவி பார்க்கும்படி ஓர் உதறு உதறினாள். திருப்பிப் பிடித்து மறுபடி உதறினாள். மடித்து மூட்டையில் வைத்தாள். பிறகு தன் முந்தானையை உதறினாள். மடியைத் தட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

அப்படியே நின்றாள். பின்னால் இறங்குகிறவர்கள் முட்டினார்கள், அவள் நகரவில்லை. எதற்கு நிற்கிறாள் என்று ஐவிக்கு ஒரு கணம் புரியவில்லை. பேக்டரி கேட் ஞாபகம் வந்தபோது கண் நிறைந்துவிட்டது. வேண்டாம் அக்கா என்றாள். பேச்சியம்மா விரித்த கையோடு காத்திருந்தாள்.

ஐவி தலையாட்டினாள். பேச்சியம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.